கன்னம் வீங்கித் தாடை வலிக்கும்போது: புட்டாலம்மையை அறிந்துகொள்வதும் கவனித்துக்கொள்வதும்

விழுங்கும்போது தொண்டை வலிக்கிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, ஒரு பக்கக் கன்னம் காதுக்குக் கீழே உப்பியிருக்கிறது என்று மூன்றும் சேர்ந்து வரும்போது, சிலர் அதைத் தொண்டைப்புண் என்று நினைக்கிறார்கள், சிலர் பல்லில் சீழ் வைத்திருப்பதாகக் கருதுகிறார்கள். இந்த மூன்று தொல்லைகளுக்கும் பொதுவான காரணமாக அமையக்கூடிய நோய் ஒன்று உண்டு. புட்டாலம்மை, பொன்னுக்கு வீங்கி, தாளம்மை, கூகைக்கட்டு என்று பல பெயர்களில் வழங்கும் அந்த நோயை மருத்துவர்கள் மம்ப்ஸ் என்று குறிப்பிடுகிறார்கள். இது ஒரு வைரஸ் தொற்று. பெரும்பாலானவர்களுக்கு மருந்து எதுவும் தேவைப்படாமல் தானாகவே தணிந்துவிடுகிறது. ஆனாலும் இதில் இரண்டு செய்திகளைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீக்கம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஒன்று, அது எந்த நாளில் தொடங்கியது என்பது மற்றொன்று. நோயை இனங்காண முதலாவது உதவும். யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் பரவக்கூடும், எந்த நாட்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இரண்டாவதைக் கொண்டு கணக்கிடலாம்.

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பது வயதான, 25 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி. அவளுக்குப் பதினாறு வயதில் ஓர் அண்ணன். மாதத்தின் 16-ஆம் தேதி சிறுமிக்கு உடல் அசதியும் தலைவலியும் லேசான காய்ச்சலும் தொடங்குகின்றன, சாப்பாடு பிடிக்கவில்லை. மறுநாள் இடது காதுக்குள் வலிக்கிறது என்கிறாள். 18-ஆம் தேதி காலையில் இடது கன்னம் வீங்கியிருக்கிறது. “தொண்டை வலிக்கிறது” என்று அவள் சொல்வதால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் தொண்டைக்குள்தான் பார்க்கிறார்கள். அங்கே பெரிதாகச் சிவப்போ வெள்ளைப் படலமோ தெரிவதில்லை.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது இந்த இடத்தில் நல்ல வழி. டான்சில் புண்ணாகியிருக்கும் குழந்தை கழுத்தின் முன்புறத்தைத் தொடும், அல்லது வாய்க்குள் காட்டும். புட்டாலம்மை வந்த குழந்தை காதுச் சோணைக்குக் கீழே, தாடை எலும்பு வளைந்து மேலேறும் மூலையில் விரலை வைக்கும். விழுங்கும் போதும் மெல்லும் போதும் அந்த இடம் அழுத்தப்படுவதால்தான் தொண்டை வலிப்பதுபோல் தோன்றுகிறது. சிலருக்கு உண்மையிலேயே லேசான தொண்டை எரிச்சலும் சேர்ந்திருக்கலாம் என்றாலும், வலியின் மையம் சுரப்பியில்தான் இருக்கும்.

வீங்கியிருக்கும் சுரப்பி எது?

நமக்கு உமிழ்நீர் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது காதுக்கு முன்புறமும் கீழ்ப்புறமும் பரவியிருக்கும் காதடிச் சுரப்பி. கீழ்த்தாடை எலும்பின் பின்விளிம்பைச் சுற்றி மடிந்து, அந்த எலும்புக்கும் காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முகட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கிலும் அது நுழைந்திருக்கிறது. வாயைத் திறக்கும்போது தாடை பின்வாங்கி அந்த இடுக்கு இன்னும் குறுகிவிடும். வழக்கமான நாட்களில் இது நமக்குத் தெரிவதே இல்லை. சுரப்பி வீங்கியிருக்கும்போது, தாடை அசையும் ஒவ்வொரு முறையும் அது நசுக்கப்படுகிறது. தாடை மூட்டில் எந்தக் கோளாறும் இல்லாமலே தாடை வலிப்பதற்கும், வாயை ஓரளவுக்கு மேல் திறக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இந்தச் சுரப்பியை இறுக்கமான உறை ஒன்று மூடியிருக்கிறது. உள்ளே திசுக்கள் அழற்சியடைந்து நீர் கோத்துக்கொள்ளும்போது வெளியே விரிய அதிக இடமில்லாததால் அழுத்தம் கூடி, விண்விண்ணென்று தெறிக்கும். சாப்பிடத் தொடங்கியதும் வலி கூடுவதற்கும் இதில் விடை இருக்கிறது. உணவின் சுவையும் மணமும் உமிழ்நீரைச் சுரக்கத் தூண்டுகின்றன. வெளியேறும் குழாயோ வீக்கத்தால் குறுகியிருக்கிறது. புளிப்புச் சுவைதான் உமிழ்நீரை மிக வேகமாகச் சுரக்க வைப்பது என்பதால், எலுமிச்சை போன்ற புளிப்பான எதையாவது ஒரு வாய் சுவைத்தாலும் நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பார். சுளிக்கிறாரா என்று பார்ப்பதற்காகவே புளிப்பைக் கொடுத்துச் சோதிப்பவர்களும் உண்டு. வலியைக் கூட்டுவதைத் தவிர அதனால் பயன் இல்லை.

இனி வீக்கத்தின் இடத்தைக் கவனிப்போம். குழந்தையை நேராக உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு இரு காதுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காதடிச் சுரப்பி வீங்கினால், அந்தப் பக்கத்துக் காதுச் சோணை மேலும் வெளியுமாகத் தள்ளப்பட்டிருக்கும். அடுத்து, தாடை எலும்பின் மூலையை விரல்களால் மெல்லத் தடவிப் பாருங்கள். நலமாக இருக்கும் பக்கத்தில் எலும்பின் கூர்மையான வளைவு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும். வீங்கிய பக்கத்தில் அந்த வளைவு மெத்தென்ற வீக்கத்துக்குள் மறைந்துபோயிருக்கும். வீக்கத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று வரையறுத்துச் சொல்லவும் முடியாது.

தொண்டைப்புண்ணோடு நெறி கட்டியிருந்தால் நிலைமை வேறாக இருக்கும். நெறி என்று நாம் சொல்வது கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் வீங்குவதை. அந்த வீக்கம் தாடை மூலைக்குக் கீழே, கழுத்தில், உருண்டையாகவும் ஓரம் தெளிவாகவும் கைக்குப் படும். தாடை எலும்பு மறையாது, காதுச் சோணையும் இருந்த இடத்திலேயே இருக்கும். என் கணிப்பில், மருத்துவர் அல்லாத ஒருவர் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஆயினும் இது முடிவான சான்று ஆகிவிடாது. புட்டாலம்மையில் சிலருக்குத் தாடைக்கு அடியிலுள்ள மற்ற உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வீங்கும். அப்போது நெறிக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது பழகிய கைக்கே கடினம்.

கன்னம் வீங்குவதெல்லாம் புட்டாலம்மையும் அல்ல. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருந்தால், சாப்பிடும் வேளையில் வீங்கிச் சிறிது நேரத்தில் வடிந்துவிடும், காய்ச்சல் இருக்காது. பாக்டீரியாவால் சுரப்பியில் சீழ் பிடித்தால், வீக்கத்தின்மேல் தோல் சிவந்து சூடாகி, தொட்டாலே துடிக்கும் அளவுக்கு வலிக்கும். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்பக்கத்தில் திறக்கும் குழாய் வாயிலிருந்து சீழ் வருவதையும் காணலாம். புட்டாலம்மையில் அந்தக் குழாயின் வாய் சற்றே சிவந்து தடித்திருக்கலாம், சீழ் வராது. ஃபுளூ உள்ளிட்ட வேறு சில வைரஸ்களும் எப்போதாவது இதே சுரப்பியை வீங்கவைக்கின்றன. ஆகவே ஐயம் இருக்கும்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துப் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒற்றியெடுப்பதற்கு முன் சுரப்பியைச் சுமார் அரை நிமிடம் பிடித்துவிட்டால், வைரஸ் கலந்த உமிழ்நீர் குழாய் வழியே வாய்க்குள் வரும். வீக்கம் தொடங்கிய முதல் மூன்று நாட்களில் எடுக்கும் மாதிரியில்தான் வைரஸ் நன்றாக அகப்படும். நாள் தள்ளிப்போகப் போக, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும் வாய்ப்பு கூடுகிறது.

நாட்காட்டி சொல்வது

வைரஸ் உடலுக்குள் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே 12 முதல் 25 நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலும் 16 முதல் 18 நாட்கள். நம் எடுத்துக்காட்டில் 18-ஆம் தேதி கன்னம் வீங்கிய சிறுமிக்கு, மாதத்தின் முதல் அல்லது இரண்டாம் நாளை ஒட்டித் தொற்றியிருக்க வேண்டும். “நேற்றுதான் குளிர்ந்த தண்ணீர் குடித்தாள், அதனால்தான் வீங்கிவிட்டது” என்று சொல்வது பொருந்தாது. இரண்டு வாரங்களுக்கும் மேலாக வைரஸ் அவள் உடலில் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருந்திருக்கிறது. மூக்கு, வாய் வழியாக நுழைந்து, மேல் மூச்சுப்பாதையிலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் பெருகி, பிறகு இரத்தத்தில் கலந்துதான் அது உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. இரத்தத்தின் வழியே போவதால் அது மூளையைச் சூழ்ந்த உறை, கணையம், விதைகள், சினைப்பைகள், உட்காது போன்ற இடங்களுக்கும் சென்றுவிடுகிறது. பின்னால் வரும் சிக்கல்கள் கன்னத்தோடு தொடர்பே இல்லாத உறுப்புகளில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பரவுவது உமிழ்நீராலும் மூச்சுப்பாதைத் துளிகளாலும். இருமும்போது, தும்மும்போது, நெருங்கி நின்று பேசும்போது தெறிக்கும் துளிகள் மற்றவரின் மூக்கிலோ வாயிலோ படுவது ஒரு வழி. ஒரே குவளையில் வாய்வைத்துக் குடிப்பது, கரண்டியைப் பகிர்வது, முத்தமிடுவது, எச்சில் பட்ட கையால் தொட்ட பொருளை இன்னொருவர் தொட்டுவிட்டு முகத்தில் கைவைப்பது ஆகியவை மற்ற வழிகள். ஒரே அறையில் உறங்குவோர், விடுதிகளில் தங்குவோர், சேர்ந்து விளையாடுவோர் இடையே இது எளிதாகப் பரவுகிறது. இந்த வைரஸைச் சூழ்ந்திருக்கும் கொழுப்புப் படலத்தைச் சோப்பு சிதைத்துவிடும் என்பதால், சாதாரணச் சோப்பால் கைகழுவுவதும் பாத்திரங்களைக் கழுவுவதும் போதுமானவை.

நோயாளியிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றும் வாய்ப்பு மிகுதியாக இருப்பது, வீக்கம் தோன்றுவதற்கு இரண்டு நாட்கள் முன்பு தொடங்கி, தோன்றிய பின் ஐந்து நாட்கள் வரை. தனிமைப்படுத்துவதால் மட்டும் இந்த நோயை முழுதாகத் தடுக்க முடியாமல் போவதும் இதனால்தான். கன்னம் வீங்கியதைக் கண்டு வீட்டில் நிறுத்தும் முன்பே இரண்டு நாட்கள் கடந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, தொற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. வேறு சிலருக்குச் சளி பிடித்ததுபோல மட்டும் வந்து போகும். அவர்களும் பரப்பக்கூடியவர்களே. ஆகவே “எங்கள் வகுப்பில் யாருக்கும் கன்னம் வீங்கவில்லையே, இவளுக்கு மட்டும் எப்படி வந்தது?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

நம் சிறுமியின் தேதிகளைக் கணக்கிடுவோம். வீக்கம் தொடங்கிய 18-ஆம் தேதியைச் சுழியம் என்று வைத்து எண்ணினால், 23-ஆம் தேதி வரை அவள் பள்ளிக்குச் செல்லக்கூடாது. உடல் தேறியிருந்தால் 24-ஆம் தேதி செல்லலாம். அன்றும் கன்னத்தில் வீக்கம் மிச்சமிருக்கலாம், அது தடையாகாது. இரண்டாவது பக்கம் இரண்டு நாள் கழித்து வீங்கினாலும், எண்ணிக்கையை முதல் பக்கம் வீங்கிய நாளிலிருந்தே தொடங்க வேண்டும். முன்பு ஒன்பது நாட்கள் தனித்திருக்கச் சொல்லிவந்தார்கள். ஐந்து நாட்களுக்குப் பிறகு பரவும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது என்று தெரிந்ததால் அமெரிக்காவில் 2008-இல் அதை ஐந்தாகக் குறைத்தார்கள். இன்று பல நாடுகளில் வழக்கில் இருப்பதும் ஐந்து நாள்தான்.

அண்ணனின் கணக்கு வேறு. தங்கையிடமிருந்து அவனுக்குத் தொற்றக்கூடிய நாட்கள் 16 முதல் 23 வரை. முதல் நாளே தொற்றியிருந்தால் 12 நாட்கள் கழித்து, அதாவது 28-ஆம் தேதி முதற்கொண்டு அவனுக்கு அறிகுறி தோன்றலாம். கடைசி நாளில் தொற்றி, மிக அதிகமான 25 நாட்களும் எடுத்துக்கொண்டால், 30 நாள் கொண்ட மாதத்தில் அது அடுத்த மாதம் 18-ஆம் தேதியில் வந்து நிற்கும். தங்கை முழுதாகத் தேறி, வீடே அந்த நோயை மறந்திருக்கும் வேளையில்தான் அண்ணனுக்குத் தலைவலியும் காதடி வலியும் வரக்கூடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் பாக்டீரியாவின்மேல்தான் வேலை செய்யும். புட்டாலம்மைக்கு அவற்றைக் கொடுப்பதால் வீக்கம் ஒரு நாள்கூட முன்னதாக வடியாது. வீக்கம் முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் வடிந்துவிடும். அதுவரை வலியைக் குறைப்பதும், உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும், சிக்கல் எழுந்தால் உடனே கண்டுகொள்வதுமே நாம் செய்ய வேண்டியவை.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 25 கிலோ எடையுள்ள நம் சிறுமிக்கு அது 250 முதல் 375 மில்லிகிராம் ஆகிறது. 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் மருந்துள்ள சிரப்பாக இருந்தால் 5 முதல் 7.5 மில்லிலிட்டர் கொடுக்கலாம். ஆனால் 5 மில்லிலிட்டரில் ஏறத்தாழ அதில் பாதி அளவே மருந்துள்ள சிரப்புகளும் விற்கப்படுகின்றன. அளவுக் கரண்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, புட்டியின்மேல் அச்சிட்ட அடர்த்தியைப் பார்க்காமல் கொடுப்பதால்தான் பல வீடுகளில் மருந்து குறைந்தோ கூடியோ போகிறது. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணிநேரம் இருக்க வேண்டும். 24 மணிநேரத்தில் நான்கு முறைக்கு மேல் கொடுக்கக்கூடாது. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மருந்துகள் பலவற்றில் பாரசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வைரஸ் தொற்றின்போது அதைக் கொடுத்தால், மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான நிலை ஏற்படக்கூடும்.

வீங்கிய இடத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியோ, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ பத்து நிமிடம் வைப்பது வலியைத் தணிக்கும். சிலருக்குக் குளிர்ச்சியைவிட இதமான வெதுவெதுப்பு பிடிக்கும்; அதில் தவறில்லை, நோயாளி எதை விரும்புகிறாரோ அதைச் செய்யலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கவோ, சுடச்சுட ஒற்றடம் கொடுக்கவோ வேண்டாம்.

உணவில் இரண்டே விதிகள்: மெல்ல வேண்டியிருக்கக்கூடாது, புளிப்பாக இருக்கக்கூடாது. குழைய வேகவைத்து மசித்த எதுவும் ஏற்றது. பழச்சாறு உடம்புக்கு நல்லது என்று எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகளைக் கொடுப்பது அன்பால் செய்யும் தவறு. வலிக்குப் பயந்து குழந்தை குடிக்கவே மறுத்துவிடும். இந்த நோயில் சாப்பாடு சில நாள் குறைவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, தண்ணீர் குறைவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மருந்து கொடுத்து அரைமணி முதல் ஒரு மணிநேரம் கழித்து, வலி தணிந்திருக்கும் வேளையில், சிறிது சிறிதாகப் பலமுறை குடிக்கக் கொடுத்தால் உள்ளே போகும். அகலமாகத் திறக்க வேண்டியிராத உறிஞ்சு குழல் உதவும். சிறுநீர் ஆறு முதல் எட்டு மணிநேரம் கழியாமல் இருப்பது, நிறம் அடர்ந்து போவது, வாய் வறண்டு நா ஒட்டுவது ஆகியவை நீர் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள். உமிழ்நீர் சரியாக ஓடாத நாட்களில் வாயில் கிருமிகள் பெருகும் என்பதால், வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்புளிப்பதும், மென்மையான தூரிகையால் பல் துலக்குவதும் தொடர வேண்டும்.

நோயாளிக்குத் தனிக் குவளை, தனித் தட்டு, தனித் துண்டு இருக்கட்டும். இயன்றால் அந்த ஐந்து நாட்கள் தனி அறையில் உறங்கட்டும்.

எப்போது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

வீக்கம் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருப்பதால் பெற்றோர் முதல் மூன்று நாட்கள் பதறுகிறார்கள். வீக்கம் வடியத் தொடங்கியதும் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். சிக்கல்கள் வரும் காலமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறுவது முதன்மையான எச்சரிக்கை.

கடுமையான தலைவலி, கழுத்தை முன்னால் வளைக்க முடியாத விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுவது, அடங்காத வாந்தி ஆகியவை மூளை உறையில் அழற்சி ஏற்பட்டிருப்பதைக் காட்டலாம். புட்டாலம்மையில் வரும் இந்த வகை அழற்சி பெரும்பாலும் பின்விளைவின்றிக் குணமாகிவிடுகிறது என்றாலும், அதே அறிகுறிகளோடு வரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டில் இருந்துகொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. குழப்பமாகப் பேசுவது, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், வலிப்பு ஆகியவை மூளையே பாதிக்கப்பட்டிருப்பதைக் குறிக்கலாம். இது அரிது, ஆனால் ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக்கூடாதது. மேல்வயிற்றில் விடாத வலியும் வாந்தியும் கணையம் அழற்சியடைந்ததால் இருக்கலாம். ஒரு காதில் திடீரெனக் கேட்காமல் போவது, இரைச்சல், தலைசுற்றல் ஆகியவற்றையும் அன்றே காட்ட வேண்டும். இந்தக் கேட்புக் குறைபாடு மிக அரிதாகவே வருகிறது; வந்தால் நிலையாகத் தங்கிவிடவும் கூடும், பெரும்பாலும் ஒரே காதில் இருப்பதால் சிறு குழந்தைகளிடம் நெடுநாள் தெரியாமலே போகிறது. தேறியபின் இரு காதுகளையும் தனித்தனியே பொத்தி, மெல்லப் பேசிப் பார்ப்பது வீண்போகாது.

அண்ணனைப் போல் பருவம் எய்திய ஆண்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பூசி போடாத பருவம் எய்திய ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு விதை வீங்குகிறது. கன்னம் வீங்கிய ஒரு வாரம் பத்து நாட்களுக்குள், மீண்டும் காய்ச்சலும் குளிரும் வந்து, பெரும்பாலும் ஒரு பக்க விதை வீங்கிக் கடுமையாக வலிக்கும். படுத்து ஓய்வெடுப்பது, விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் இறுக்கமான உள்ளாடை அணிவது, குளிர்ந்த ஒற்றடம், வலிநிவாரணி ஆகியவை உதவும். ஆனால் கூச்சப்பட்டு மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விதை முறுக்கிக்கொள்ளும் இன்னொரு நிலையும் இதேபோல் வலிக்கும். அதில் சுமார் ஆறு மணிநேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விதையை இழக்க நேரிடலாம். புட்டாலம்மை வந்தால் ஆண்மை போய்விடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. வீங்கிய விதை பின்னர் ஓரளவு சுருங்குவது உண்மை, விந்தணு எண்ணிக்கை குறைவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கமே பாதிக்கப்படுவதால் முழுமையான மலட்டுத்தன்மை அரிதாகவே ஏற்படுகிறது. பருவம் எய்திய பெண்களில் சிலருக்குச் சினைப்பை வீங்கி அடிவயிறு வலிக்கலாம். அது பொதுவாகத் தானே தணிந்துவிடும்.

இவை தவிர, மூச்சுவிடத் திணறுவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியவிடுவது, கழுத்து முழுவதும் தடித்துப்போவது ஆகியவற்றைப் புட்டாலம்மை என்று வீட்டிலேயே முடிவுகட்டிக்கொண்டு காத்திருக்கக்கூடாது. தொண்டை அடைப்பான் போன்ற கொடிய நோய்களிலும் கழுத்து இப்படி வீங்குவதுண்டு.

தடுப்பூசி போட்டும் ஏன் வருகிறது?

அமெரிக்க அறிவியலாளர் மாரிஸ் ஹில்மன், 1963-இல் புட்டாலம்மை கண்ட தம் மகளின் தொண்டையிலிருந்து ஒற்றியெடுத்த வைரஸைப் பலமுறை வளர்த்து வலுவிழக்கச் செய்து, அதிலிருந்து உருவாக்கிய தடுப்பூசிக்கு 1967-இல் உரிமம் கிடைத்தது. மகளின் பெயரான ஜெரில் லின் என்பதே அந்த வைரஸ் வகைக்கும் பெயராயிற்று. இன்று தட்டம்மை, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளோடு சேர்த்து எம்.எம்.ஆர். என்ற ஒரே ஊசியாக இதைப் போடுகிறார்கள். தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் மட்டுமான எம்.ஆர். என்ற ஊசியும் உண்டு. அதில் புட்டாலம்மைக்குப் பாதுகாப்பு இல்லை. “தட்டம்மை ஊசி போட்டாயிற்று” என்று நிறைவடைந்துவிடாமல், தடுப்பூசி அட்டையில் எந்த எழுத்துகள் இருக்கின்றன என்று பார்ப்பது நல்லது.

இரண்டு தவணை போட்டவர்களில் புட்டாலம்மை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு வரை குறைகிறது. தட்டம்மைக்குக் கிடைக்கும் பாதுகாப்பைவிட இது குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல மேலும் தளர்கிறது. 2006-இல் அமெரிக்காவில் 6,500-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் பரவியபோது, அவர்களில் பலர் இரண்டு தவணையும் போட்டிருந்த கல்லூரி மாணவர்கள். நெருக்கமான விடுதி வாழ்க்கையும் தளர்ந்துபோன எதிர்ப்பாற்றலும் ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. எனினும் தடுப்பூசி போட்டவர்களுக்கு வரும் நோய் பொதுவாக லேசாக இருக்கிறது; விதை வீக்கமும் மூளை உறை அழற்சியும் அவர்களிடம் குறைவு.

தங்கைக்கு வந்துவிட்டதே என்று அண்ணனுக்கு உடனே ஊசி போட்டால், ஏற்கெனவே தொற்றியிருக்கும் வைரஸை அது தடுக்காது. இதுவரை தொற்றாமல் இருந்தால் இனி வரும் தொற்றுகளிலிருந்து காக்கும் என்பதால், தவணை விடுபட்டிருந்தால் போட்டுக்கொள்வதே சரி. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் கொண்ட ஊசி. ஆகவே கருவுற்ற பெண்களுக்கும் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கும் போடக்கூடாது.

ஒருமுறை புட்டாலம்மை வந்தவருக்கு மறுபடியும் வருவது மிகவும் அரிது. ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் குணமானவர்களுக்கும் இது பொருந்தும். எனவே குழந்தைக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை கன்னம் வீங்கி வீங்கி வடிகிறது என்றால், ஒவ்வொரு முறையும் அதைப் புட்டாலம்மை என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்காமல், உமிழ்நீர்க் கல் உள்ளதா, சுரப்பி அடிக்கடி அழற்சியடையும் வேறு கோளாறு உள்ளதா என்று அறிய, அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கும்படி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.